பாட்டில் எப்போது தீரும்?

2006ஆம் ஆண்டு கோடையில், கனடாவின் எட்மன்டன் நகரிலுள்ள கிராஸ் புற்றுநோய் மருத்துவ நிலையத்தில் ஒரு பெண்ணுக்கு ஃபுளூரோயூராசில் என்ற மருந்தைச் சிறிய பம்ப் ஒன்றில் இணைத்துக் கொடுத்தார்கள். நான்கு நாள், இரவும் பகலுமாக, மிக மெதுவாக உடம்பில் இறங்க வேண்டிய மருந்து அது. நான்கே மணி நேரத்தில் இறங்கி முடிந்தது. ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து அவர் இறந்துபோனார்.

பம்ப் பழுதாகவில்லை. மருந்து மாறவில்லை. கலந்த விதத்திலும் குறையில்லை. ஒரு செவிலியர் கணக்குப் போட, இன்னொருவர் சரிபார்த்திருந்தார். இருவருக்கும் ஒரே விடைதான் வந்தது: 28.8. அந்த எண்ணைத்தான் பம்பில் பதித்தார்கள்.

கணக்கு என்னவென்று பார்ப்போம். மொத்த மருந்து 5,250 மில்லிகிராம். அதை நான்கு நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 1,312.5 மில்லிகிராம். பையில் இருந்த திரவத்தின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 45.57 மில்லிகிராம் மருந்து. 1,312.5-ஐ 45.57-ஆல் வகுத்தால் 28.8 மில்லிலிட்டர். இதுவரை ஒரு பிழையும் இல்லை. ஆனால் இந்த 28.8 ஒரு நாளைக்கு உரியது. பம்ப் கேட்பதோ ஒரு மணி நேரத்துக்கு உரிய அளவை. 28.8-ஐ 24-ஆல் வகுத்து 1.2 என்று பதித்திருக்க வேண்டும். அந்தக் கடைசி வகுத்தல் இருவர் கணக்கிலும் விட்டுப்போனது.

மருந்துப் பையின் லேபிளில் இரண்டு எண்களும் இருந்தன: 24 மணி நேரத்துக்கு 28.8, அதை ஒட்டி அடைப்புக்குள் மணிக்கு 1.2. கணக்கில் 28.8 வந்ததும் கண் லேபிளுக்குப் போயிற்று. அங்கேயும் 28.8 இருந்தது. தேடிய எண் கிடைத்ததும் மனம் அடங்கிவிட்டது. மருந்துப் பிழைகளை ஆராயும் ஐ.எஸ்.எம்.பி. கனடா என்ற அமைப்பு 2007இல் வெளியிட்ட அறிக்கை இந்த நிகழ்வை அக்கக்காகப் பிரித்து விளக்குகிறது. மருத்துவக் கணக்குகளில் பாதுகாப்பு பற்றிப் பேசும்போதெல்லாம் இன்றும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு இது.

ஒரே ஒரு கேள்வி அன்றைக்குப் பிழையைக் காட்டிக்கொடுத்திருக்கும். கொடுக்க வேண்டிய திரவம் ஏறக்குறைய 115 மில்லிலிட்டர். மணிக்கு 28.8 வீதம் போனால் அது எப்போது தீரும்? நான்கு மணி நேரத்தில். மருத்துவர் எழுதியதோ நான்கு நாள். இதைக் கண்டுபிடிக்கக் கால்குலேட்டர்கூட வேண்டாம்.

நர்ஸிங், பார்மசி மாணவர்கள் சொட்டுக் கணக்கையும் பம்ப் கணக்கையும் முதல் ஆண்டிலிருந்தே போடுகிறார்கள். சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். விடை வந்த பிறகு அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும் பழக்கம்தான் பலருக்கு வருவதில்லை. அதனால் கணக்கையும் அதன் திருப்பத்தையும் சேர்த்தே பார்ப்போம்.

சொட்டு எண்ணுவது

நம் ஊர் வார்டுகளில் பெரும்பாலான சலைன் பாட்டில்கள் இன்றும் பம்ப் இல்லாமல், கம்பியில் தொங்கி, தன் எடையால்தான் இறங்குகின்றன. பாட்டிலுக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடிக் கூடு மாதிரி இருக்கிறதே, அதில் சொட்டு விழுவதைப் பார்த்து எண்ணலாம். அதற்கும் கீழே குழாயில் ஓர் உருளை. அதை மேலும் கீழும் தள்ளினால் சொட்டின் வேகம் மாறும். செவிலியர் கையில் இருக்கும் கட்டுப்பாடு அவ்வளவுதான்.

500 மில்லிலிட்டர் நார்மல் சலைனை நான்கு மணி நேரத்தில் ஏற்றச் சொல்லி மருத்துவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, மணிக்கு எவ்வளவு என்று கண்டுபிடிப்பது. 500-ஐ 4-ஆல் வகுத்தால் 125 மில்லிலிட்டர். ஆனால் உருளையில் மில்லிலிட்டர் எழுதியிருக்காது, சொட்டைத்தான் எண்ண முடியும். எத்தனை சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர் என்பது இங்கே தெரிய வேண்டும்.

அதை மனப்பாடத்திலிருந்து எடுக்கக் கூடாது. ஐ.வி. செட்டின் உறையிலேயே அச்சடித்திருக்கும். நம் மருத்துவமனைகளில் பெரியவர்களுக்குப் பயன்படும் செட்டுகளில் பொதுவாக 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60 சொட்டு ஒரு மில்லிலிட்டர். அமெரிக்கப் பாடநூல்களில் 10, 15 என்றும் செட்டுகள் வரும். அந்த நூல்களைப் பார்த்துக் கணக்குப் பழகிய மாணவி, 15-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு வார்டில் 20 சொட்டு செட்டைக் கையில் எடுத்தால் கணக்கு சரியாக இருந்தும் சொட்டு தவறிவிடும்.

20 சொட்டு செட் என்றால், மணிக்கு 125 மில்லிலிட்டர் என்பது மணிக்கு 2,500 சொட்டு. ஒரு மணிக்கு 60 நிமிடம். ஆக நிமிடத்துக்கு 41.67. முக்கால் சொட்டு என்று ஒன்று கிடையாது, அதனால் 42. முழுக் கணக்கையும் ஒரே வரியில் இப்படி எழுதலாம்:

நிமிடத்துக்குச் சொட்டு = (மில்லிலிட்டர் × செட்டின் சொட்டு எண்ணிக்கை) ÷ மொத்த நிமிடங்கள்

(500 × 20) ÷ 240 = 41.67, அதாவது 42 சொட்டு

அனுபவப்பட்ட செவிலியர்கள் இந்த வரியை எழுதுவதில்லை. 20 சொட்டு செட்டுக்கு, மணிக்கான மில்லிலிட்டரை மூன்றால் வகுத்துவிடுவார்கள். 125-ஐ 3-ஆல் வகுத்தால் அதே 42தான். 60-ஐ 20-ஆல் வகுத்தால் 3 என்பதுதான் இதன் பின்னாலிருக்கும் காரணம். மைக்ரோ செட்டில் வகுக்கவே வேண்டாம்: மணிக்கு எத்தனை மில்லிலிட்டரோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. குறுக்குவழி நல்லதுதான். ஆனால் செட் மாறினால் குறுக்குவழியும் மாறும் என்பதை மறந்தால் வினை.

இப்போது திருப்பிப் போடுவோம். நிமிடத்துக்கு 42 சொட்டு என்றால் மணிக்கு 2,520 சொட்டு. 20-ஆல் வகுத்தால் மணிக்கு 126 மில்லிலிட்டர். 500 மில்லிலிட்டர் தீர நான்கு மணிக்குச் சற்றுக் குறைவு. மருத்துவர் எழுதியதும் நான்கு மணி. பொருந்துகிறது.

அதே 42 சொட்டைத் தவறுதலாக மைக்ரோ செட்டில் விட்டிருந்தால்? மணிக்கு 42 மில்லிலிட்டர்தான் போகும். பாட்டில் தீர ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகும். நீரிழப்பால் துவண்டு வந்தவருக்கு மதியத்துக்குள் கிடைக்க வேண்டிய திரவம் இரவுவரை இழுத்துக்கொண்டே போகும். சொட்டைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. சொட்டு சீராக, எண்ணிய வேகத்தில்தான் விழும். பாட்டிலின் மட்டத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

நோயாளியுடன் இருப்பவர்கள் சிஸ்டரிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "இது எப்போ முடியும் சிஸ்டர்?" அவர்கள் கேட்பது சாப்பிடப் போகவோ கழிப்பறைக்கு அழைத்துப் போகவோதான். ஆனால் அந்தக் கேள்விக்கு உடனே ஒரு நேரம் சொல்ல முடிகிற செவிலியர் தன் கணக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டார் என்று பொருள். "முடியும்போது சொல்லுங்கம்மா" என்பவர் பார்க்கவில்லை.

இதைப் பாட்டிலின் மேலேயே எழுதி வைக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. பாட்டிலின் பக்கவாட்டில் நெடுக ஒரு பிளாஸ்டர் பட்டை ஒட்டி, காலை 10 மணிக்குத் தொடங்கினால் 11 மணிக்கு 375 மீதி, 12 மணிக்கு 250, 1 மணிக்கு 125 என்று கோடு போட்டுவிடுவது. தானாக இறங்கும் பாட்டிலுக்கு இது மிகவும் தேவை. காரணம், காலையில் வைத்த 42 சொட்டு மதியம்வரை 42-ஆகவே இருக்காது. நோயாளி கையை மடக்கினால் குறையும். கட்டிலை உயர்த்தினால் பாட்டிலுக்கும் கைக்கும் உள்ள உயர வித்தியாசம் குறைந்து வேகம் தளரும். உருளை அழுத்திய இடத்தில் குழாய் மெல்ல உருமாறுவதாலும் வேகம் மாறும். "சீக்கிரம் முடியட்டும்" என்று உறவினர் யாராவது உருளையைத் தள்ளிவிடுவதும் நடக்கும்.

12 மணிக்குப் பார்க்கும்போது 250 இருக்க வேண்டிய இடத்தில் 350 மீதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டதைப் பிடிக்க நினைத்தால் மீதி 350-ஐ இரண்டு மணி நேரத்தில் விட வேண்டும். அது மணிக்கு 175, நிமிடத்துக்கு 58 சொட்டு. கணக்கு சரிதான். ஆனால் முதியவருக்கோ, இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவருக்கோ இப்படி வேகத்தைக் கூட்டினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்கலாம். வேகத்தைக் கூட்டுவதா, தாமதமாகவே முடியட்டும் என்று விடுவதா என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பம்ப் கேட்கும் ஒரே எண்

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போனால் சொட்டு எண்ணும் வேலை போய்விடும். அங்கே பம்ப் திரையில் தெரிவது mL/h என்ற எழுத்து. மணிக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று பதித்தால் போதும், மீதியை மோட்டார் பார்த்துக்கொள்ளும். ஆனால் அங்கே மருந்துச் சீட்டில் மில்லிலிட்டர் இருப்பதில்லை. ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு நிமிடத்துக்கு, இத்தனை மைக்ரோகிராம் என்று எழுதியிருக்கும். மருத்துவர் பேசும் மொழிக்கும் பம்ப் கேட்கும் மொழிக்கும் நடுவே மூன்று மாற்றங்கள் இருக்கின்றன. எட்மன்டனில் விழுந்தது இப்படியொரு மாற்றத்தில்தான்.

இரத்த அழுத்தம் விழுந்துவிட்ட நோயாளிக்குக் கொடுக்கும் நார்அட்ரினலினை எடுத்துக்கொள்வோம். நோயாளியின் எடை 60 கிலோ. மருத்துவர் எழுதியிருப்பது கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம். செவிலியர் 50 மில்லிலிட்டர் சிரிஞ்சில் மொத்தம் 4 மில்லிகிராம் நார்அட்ரினலின் இருக்குமாறு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்து வைத்திருக்கிறார்.

முதலில் எடை. 0.1-ஐ 60-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 6 மைக்ரோகிராம். அடுத்து நேரம். நிமிடத்துக்கு 6 என்றால் மணிக்கு 360 மைக்ரோகிராம். கடைசியாகச் சிரிஞ்சில் மருந்து எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பது. 4 மில்லிகிராம் என்றால் 4,000 மைக்ரோகிராம். அதை 50 மில்லிலிட்டரில் பகிர்ந்தால் ஒரு மில்லிலிட்டரில் 80. 360-ஐ 80-ஆல் வகுத்தால் 4.5. பம்பில் பதிக்க வேண்டியது 4.5 mL/h.

திருப்பிக் கேட்போம். 50 மில்லிலிட்டர் சிரிஞ்ச் மணிக்கு 4.5 வீதம் போனால் எப்போது தீரும்? ஏறக்குறைய 11 மணி நேரத்தில். ஒரு ஷிஃப்டைத் தாண்டி அடுத்த ஷிஃப்டில் சிரிஞ்ச் மாற்ற வேண்டியிருக்கும். இந்த மருந்தை இந்த அளவில் கலக்கும் பிரிவுகளில் அது இயல்பான விஷயம்.

மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, நடுவிலிருக்கும் 60-ஐ விட்டுவிடுவது. நிமிடத்துக்கு 6 மைக்ரோகிராமை அப்படியே 80-ஆல் வகுத்தால் 0.075 வரும். எண்ணை மட்டும் பார்த்தால் சிறிய, அடக்கமான விடையாகத் தோன்றும். சிரிஞ்ச் எப்போது தீரும் என்று கேட்டால் 666 மணி நேரம், கிட்டத்தட்ட 28 நாள். நோயாளியின் அழுத்தத்தைத் தூக்க ஒரு மாதம் வேண்டும் என்று எந்த மருத்துவரும் எழுதமாட்டார். இன்னொரு தவறு புள்ளியைத் தவறவிடுவது. 4.5-க்குப் பதில் 45 பதிந்தால் சிரிஞ்ச் ஒரு மணி ஏழு நிமிடத்தில் காலி. மருந்து பத்து மடங்கு. சிரிஞ்ச் தீரும் நேரத்தை முன்பே அறிந்திருந்தால் இரண்டு தவறும் பம்பின் பொத்தானை அழுத்துமுன்பே பிடிபட்டுவிடும்.

இதனால்தான் ஒரு தசமத்தை எழுதும்போது 0.5 என்று முன்னால் சுழியம் போட வேண்டும், வெறும் .5 கூடாது. முழு எண்ணுக்குப் பின்னால் சுழியம் போடக் கூடாது. 5.0 என்று எழுதியதில் புள்ளி மங்கிப்போனால் அது 50.

கேள்விக்குப் பிடிபடாத தவறு

எல்லாத் தவறுக்கும் இந்தக் கேள்வி மருந்தாகாது. அது அளவையும் நேரத்தையும் மட்டும்தான் பார்க்கிறது. சிரிஞ்சுக்குள் என்ன கரைந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

நார்அட்ரினலினிலேயே ஒரு பொறி இருக்கிறது. நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் ஆம்பூலில் 2 மில்லிலிட்டர் திரவம் இருக்கும். அதன் மேல், நார்அட்ரினலின் பைடார்ட்ரேட் 4 மில்லிகிராம், அது 2 மில்லிகிராம் நார்அட்ரினலினுக்குச் சமம் என்று எழுதியிருக்கும். பைடார்ட்ரேட் என்பது மருந்தைக் கரையவைக்கச் சேர்க்கும் உப்பு. அதன் எடையும் சேர்ந்துதான் 4. 4 மில்லிகிராம் நார்அட்ரினலின் வேண்டும் என்றால் இரண்டு ஆம்பூல் எடுத்து, அந்த 4 மில்லிலிட்டருடன் 46 மில்லிலிட்டர் டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்து 50 ஆக்க வேண்டும். பெரிய எழுத்தில் இருக்கும் 4-ஐப் பார்த்து ஒரே ஆம்பூலோடு நிறுத்தினால் சிரிஞ்சில் பாதி மருந்துதான் இருக்கும். ஒரு மில்லிலிட்டரில் 80-க்குப் பதில் 40.

பம்பில் 4.5 சரியாகவே பதிந்திருக்கும். சிரிஞ்ச் அதே 11 மணி நேரத்தில்தான் தீரும். நோயாளிக்குப் போவதோ பாதி. அழுத்தம் ஏறாது. ஏன் ஏறவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அடுத்த ஷிஃப்டில் வேறொருவர் இரண்டு ஆம்பூல் போட்டுச் சரியாகக் கலந்த சிரிஞ்சை மாட்டுவார், பம்ப் கூட்டிவைத்த அதே வேகத்தில் ஓடும். அழுத்தம் எகிறும். ஒரே மருந்து, ஒரே வேகம், சிரிஞ்ச் மாறியதும் நோயாளியின் உடல் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்றால் சந்தேகிக்க வேண்டியது கலவையைத்தான்.

இங்கே வேண்டியது இரண்டாவது திருப்பம். பம்ப் காட்டும் 4.5-ஐ எடுத்து, சிரிஞ்சின் லேபிளில் உள்ள 80-ஆல் பெருக்கி, 60 நிமிடத்தால் வகுத்து, நோயாளியின் எடையான 60-ஆல் வகுத்தால் மருத்துவர் எழுதிய 0.1 வர வேண்டும். இதற்குச் சிரிஞ்சின் லேபிள் உண்மை பேச வேண்டும். எத்தனை ஆம்பூல், உப்பா தனி மருந்தா, மொத்தம் எத்தனை மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மைக்ரோகிராம், கலந்தவர் யார், எப்போது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். "நார்அட்" என்று மட்டும் எழுதி ஒட்டிய சிரிஞ்சை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரிபார்க்க முடியாது. பார்மசி மாணவருக்கு எட்மன்டன் தரும் பாடமும் இதை ஒட்டியதுதான்: பம்பில் பதிக்க வேண்டிய எண் லேபிளில் ஒன்றே ஒன்றாக, தனியாகத் தெரிய வேண்டும். பக்கத்தில் தேவையில்லாத இன்னொரு எண் இருந்தால் தவறான கணக்குக்கும் அது சாட்சி சொல்லிவிடும்.

பம்பும் தன் பங்குக்கு ஏமாறும். சிரிஞ்ச் பம்ப் மருந்தை அளப்பதில்லை. பின்னாலிருக்கும் தண்டை எவ்வளவு தூரம் தள்ளினோம் என்பதைத்தான் அளக்கிறது. சிரிஞ்சின் குறுக்களவு தெரிந்தால்தான் அந்தத் தூரத்தை மில்லிலிட்டராக மாற்ற முடியும். அதனால்தான் மாட்டும்போது எந்த நிறுவனத்தின் சிரிஞ்ச், எத்தனை மில்லிலிட்டர் என்று கேட்கிறது. ஒரு நிறுவனத்தின் 50 மில்லிலிட்டர் சிரிஞ்சும் இன்னொன்றின் 50 மில்லிலிட்டர் சிரிஞ்சும் ஒரே குறுக்களவில் இருப்பதில்லை. அவசரத்தில் பட்டியலில் முதலில் வந்த பெயரைத் தட்டினால் திரையில் 4.5 இருக்கும், போவது கூடவோ குறையவோ இருக்கும். இதை மட்டும் முதல் கேள்வியே பிடித்துவிடும்: இரண்டு மணி நேரம் கழித்துச் சிரிஞ்சில் 41 மில்லிலிட்டர் மீதியிருக்க வேண்டும். இல்லையென்றால் சிரிஞ்சின் தேர்வைப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு மருந்துக்கும் மேல்வரம்பு, கீழ்வரம்பு வைத்து, தாண்டினால் எச்சரிக்கும் பம்புகள் இன்று வந்துவிட்டன. அவை எட்மன்டன் வகைத் தவறைத் தடுக்கக்கூடும். ஆனால் கலவையின் அடர்த்தியையும் எடையையும் மனிதர்தான் பதிக்கிறார். 60 கிலோவை 66 என்று பதித்தால் வரம்புக்குள்தான் இருக்கும், எச்சரிக்கை வராது.

நம் நர்ஸிங் தேர்வுத் தாள்களில் இந்தக் கணக்கு "நிமிடத்துக்கு எத்தனை சொட்டு?" என்ற கேள்வியோடு முடிந்துவிடுகிறது. 42 என்று எழுதியவுடன் முழு மதிப்பெண். அதோடு இரண்டு வரி சேர்த்தால் போதும்: "காலை 10 மணிக்குத் தொடங்கினால் எத்தனை மணிக்குத் தீரும்? 12 மணிக்கு எவ்வளவு மீதி இருக்கும்?" 42-ஐ மனப்பாடச் சூத்திரத்தால் கொண்டுவந்தவருக்கும், அந்த எண் வார்டில் என்ன செய்யும் என்று தெரிந்தவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டு வரியில் தெரிந்துவிடும். மதிப்பெண்ணில் பாதியை அதற்கே கொடுக்கலாம்.